சரக்கு வரவு அறிவிப்பு: கல்பாசி, குண்டு மிளகாய், கருப்புக் கவுனி, மராத்தி மொக்கு

காரைக்குடி
12.08.2025, செவ்வாய்

கடைக்காரர்கள், மெஸ் நடத்தும் ஆச்சிமார், கல்யாணச் சமையல் எடுத்திருப்பவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

‘கல்பாசி மழை விட்டால் வந்துவிடும், மிளகாய் இரண்டொரு நாளில், கவுனி பார்க்கலாம்’ என்று முதலாளி நேற்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். அதை நம்பி இன்று காலை தேவகோட்டையிலிருந்து ஒருவர் பையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். வெறுங்கையோடு அவரை அனுப்பியது மனதை உறுத்துகிறது. அந்தப் பேச்சை விட்டுவிட்டு இந்த அறிவிப்பை வைத்துக்கொள்ளுங்கள். ‘உறுதி’ என்று போட்டிருந்தால் லாரி பேசியாகிவிட்டது. ‘உத்தேசம்’ என்றால் தேதி தள்ளிப்போகலாம்.

கல்பாசி: இருப்பு இல்லை. வரவு ஆகஸ்ட் 25, திங்கள் (உத்தேசம்).
மலையில் மழை, பாசி காயவில்லை. சனிக்கிழமை மாதிரிக்கு வந்த ஒரு பையைப் பிரித்துக் கையில் வைத்துக் கசக்கினேன். நன்றாகக் காய்ந்த பாசி சருகுபோல நொறுங்கி மணக்கும். இது துவண்டு விரலோடு ஒட்டியது. இதை மூட்டையில் கட்டினால் பூசணம் பிடிக்கும், குழம்பில் மண்வாடை அடிக்கும். திருப்பி அனுப்பிவிட்டோம். ஆவணிக் கல்யாணச் சமையல் உள்ளவர்கள் எத்தனை கிலோ, எந்தத் தேதிக்கு என்று இப்போதே எழுதிவிடுங்கள். வரும் சரக்கில் முதல் பங்கு அவர்களுக்கு.

குண்டு மிளகாய்: இருப்பு இல்லை. வரவு ஆகஸ்ட் 18, திங்கள் (உறுதி).
ராமநாதபுரம் பக்கத்துச் சரக்கு, 20 மூட்டை. வெள்ளிக்கிழமை சுதந்திர தினம், கிடங்கு திறக்காது. சனிக்கிழமை மாலைக்குள் ஆர்டர் சொல்லிவிடுங்கள். நீட்டு மிளகாய் கையிருப்பில் இருக்கிறது. ஆனால் குண்டுக்குப் பதிலாக அதை நாங்களாகவே ஏற்றிவிட மாட்டோம். காரமும் நிறமும் மாறினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வேண்டும் என்று நீங்கள் கேட்டால் மட்டும் அனுப்புவோம்.

கருப்புக் கவுனி அரிசி: புதிய ஆர்டர் இல்லை. வரவு 2026 ஜனவரிக் கடைசி வாரம் (உத்தேசம்).
‘பார்க்கலாம்’ என்று இதை இழுத்துக்கொண்டிருப்பது சரியல்ல. நமக்குத் தரும் விவசாயியிடம் பழைய நெல் தீர்ந்துவிட்டது. கவுனி நீண்ட நாள் பயிர். தை அறுவடைக்கு முன்னால் அவரிடம் வராது. மீதமிருக்கும் 25 கிலோ பைகள் ஆறும் முன்பணம் கட்டியவர்களுக்கு. மற்றவர்கள் தீபாவளிக்குக் கவுனியரிசி இனிப்பு செய்வதாக இருந்தால் இப்போதே வேறு இடத்தில் சொல்லி வைத்துவிடுங்கள்.

மராத்தி மொக்கு: இருப்பு குறைவு.
ஒருவருக்கு 2 கிலோ வரை. செப்டம்பர் 1 முதல் வழக்கம்போல் (உறுதி).

பட்டை, சோம்பு, அன்னாசிப்பூ தட்டுப்பாடில்லை.

அடுத்த அறிவிப்பு ஆகஸ்ட் 22, வெள்ளி மாலை. அதற்குள் எந்தத் தேதி மாறினாலும் மாறிய அன்றே எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை,
மளிகைக் கிடங்கு, காரைக்குடி