தொலைபேசி வழிகாட்டலும் எச்பிஏ1சியும்: 24 வாரச் சோதனையின் முதன்மைப் பகுப்பாய்வு

பகுப்பாய்வு முறை

இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 212 பேர் மூன்று மையங்களில் சமவாய்ப்பு முறையில் குழுவுக்கு 106 பேராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சையுடன் செவிலியரின் தொலைபேசி வழிகாட்டலும், மற்றதற்கு வழக்கமான சிகிச்சை மட்டும். எச்பிஏ1சி தொடக்கத்திலும் 8, 16, 24-ஆம் வாரங்களிலும் அளக்கப்பட்டது. 24-ஆம் வாரத்தில் தொடக்கத்திலிருந்து ஏற்பட்ட மாற்றத்தில் குழுக்களுக்கிடையே உள்ள வேறுபாடே முதன்மை முடிவு. இடையில் இன்சுலின் தொடங்கிய 19 பேரின் (வழிகாட்டல் குழுவில் 7, மற்றதில் 12) அளவீடுகளையும் விலக்காமல் வைத்தோம். இன்சுலின் தொடங்கினாலும் தொடங்காவிட்டாலும், வழிகாட்டல் தருவது என்ற முடிவின் பலன் என்ன என்பதே எங்கள் கேள்வி.

மறுஅளவீட்டுக் கலப்பு மாதிரியில் குழு, வருகை, குழு × வருகை, தொடக்க எச்பிஏ1சி, தொடக்க அளவு × வருகை, மையம் ஆகியவை நிலையான விளைவுகள். தொடக்க அளவின் தாக்கம் 8-ஆம் வாரத்திலும் 24-ஆம் வாரத்திலும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ளக் காரணம் இல்லாததால் வருகையுடனான அதன் ஊடாட்டமும் சேர்ந்தது. ஒருவரின் மூன்று அளவீடுகளுக்கிடையே கட்டமைப்பற்ற இணைமாறுபாட்டு அணி. விடுதலைப் படிகளுக்குக் கென்வார்ட்-ரோஜர் திருத்தம். மாதிரி குவியாவிட்டால் பன்முக மாறுபாட்டு டோப்ளிட்ஸ் அமைப்புக்கு மாறுவதாக முன்கூட்டியே எழுதியிருந்தோம். அதற்குத் தேவை எழவில்லை.

```r
fit <- mmrm(chg ~ base * visit + arm * visit + site +
              us(visit | id),
            data = d, method = "Kenward-Roger")
emmeans(fit, ~ arm | visit)
```

விடுபட்ட வருகைகள்

24-ஆம் வார அளவு 45 பேருக்கு இல்லை: வழிகாட்டல் குழுவில் 27, மற்றதில் 18. இவர்களில் 21 பேர் 16-ஆம் வாரத்துக்கும் வரவில்லை. 24 பேர் கடைசி வருகையை மட்டும் தவறவிட்டவர்கள். 16-ஆம் வாரத்தைத் தவறவிட்ட வேறு 9 பேர் 24-ஆம் வாரத்துக்குத் திரும்பி வந்தனர். தொடக்கத்துக்குப் பின் ஒருமுறைகூட வராத 6 பேர் மாற்றத்துக்கான மாதிரியில் இடம்பெற முடியாததால் அதில் இருப்பவர்கள் 206 பேர்.

விடுபட்டது யார் என்பதைத்தான் இங்கே உற்றுப் பார்க்க வேண்டும். வழிகாட்டல் குழுவில் 16-ஆம் வாரத்துக்கு வந்து 24-இல் வராத 14 பேரின் சராசரி மாற்றம் 16-ஆம் வாரத்தில் −0.31. இரண்டு முறையும் வந்த 75 பேருக்கு அது −0.86. பலன் குறைவாகக் கண்டவர்களே அதிகம் வராமல் நின்றிருக்கிறார்கள். அவர்களின் முந்தைய அளவீடுகள் மாதிரிக்குள் இருப்பதால் இந்தச் சாய்வை அது கணக்கில் கொள்கிறது. ஆனால், பதிவான அளவுகளைக் கொண்டு விளக்க முடியாத வேறு காரணம் எதுவும் விடுபடுதலுக்கு இல்லை என்ற அனுமானத்தின் பேரில்தான்.

முடிவுகள்

| வாரம் | வழிகாட்டல் (திட்டப்பிழை) | வழக்கமான சிகிச்சை (திட்டப்பிழை) | வேறுபாடு (95% நம்பிக்கை இடைவெளி) |
|---|---|---|---|
| 8 | −0.48 (0.07) | −0.33 (0.07) | −0.15 (−0.35 முதல் 0.05) |
| 16 | −0.75 (0.09) | −0.48 (0.08) | −0.27 (−0.51 முதல் −0.03) |
| 24 | −0.92 (0.10) | −0.51 (0.09) | −0.41 (−0.68 முதல் −0.14) |

எல்லாம் சதவீதப் புள்ளிகளில், தொடக்க அளவுக்குச் சரிசெய்த சராசரி மாற்றங்கள். 24-ஆம் வாரத்துக்கான பி-மதிப்பு 0.003. மற்ற இரு வாரங்களும் துணைத் தகவல். அவற்றுக்குப் பி-மதிப்பு தரவில்லை. பொருட்படுத்தத்தக்க குறைவாக நெறிமுறையில் நாங்கள் வைத்திருந்தது 0.3. மதிப்பீடு அதைத் தாண்டினாலும் இடைவெளியின் ஒரு முனை 0.14 வரை வருவதால், பலன் 0.3-க்கும் குறைவாக இருக்கும் வாய்ப்பை இத்தரவு விலக்கவில்லை.

24-ஆம் வாரத்துக்கு வந்த 167 பேரை மட்டும் எடுத்து இணைமாறிப் பகுப்பாய்வு செய்தால் வேறுபாடு −0.51 (−0.78 முதல் −0.24). பார்க்க அழகான எண்தான், ஆனால் பலன் கண்டவர்களே மிஞ்சிய கூட்டத்தின் எண் அது. சுருக்கவுரையில் அதைச் சேர்க்கவில்லை. கடைசி அளவையே பின்வந்த வாரங்களுக்கும் நீட்டும் முறையையும் பயன்படுத்தவில்லை. தொடக்க அளவையும் விளைவாகக் கொண்டு, இரு குழுக்களுக்கும் அதன் சராசரி ஒன்றே என்று கட்டுப்படுத்தும் மாதிரியில் 212 பேரும் சேர்ந்தனர், வேறுபாடு −0.40 (−0.67 முதல் −0.13).

விடுபடுதல் பற்றிய அனுமானம் பொய்த்தால் முடிவு எங்கே கவிழும் என்றும் பார்த்தோம். விடுபட்ட மதிப்புகளை 100 முறை நிரப்பி, வழிகாட்டல் குழுவின் நிரப்பிய 24-ஆம் வார மதிப்புகளோடு மட்டும் 0.1 படிகளாக ஒரு தண்டனை கூட்டினோம். 0.5 வரை இடைவெளி பூஜ்யத்தைத் தொடவில்லை (−0.28, −0.55 முதல் −0.01). 0.6-இல் தொட்டது (−0.26, −0.53 முதல் 0.01). அதாவது, வராமல் போனவர்களின் எச்பிஏ1சி மாதிரி கணித்ததைவிடச் சராசரியாக 0.6 அதிகமாக இருந்திருந்தால் முடிவு நிற்காது. தொடர்ந்து வந்தவர்களுக்கும் கடைசியில் வராமல் நின்றவர்களுக்கும் 16-ஆம் வாரத்தில் இருந்த 0.55 இடைவெளி முழுவதையும், மாதிரி ஏற்கெனவே கணக்கில் கொண்ட பகுதிக்கு மேல், மறுபடியும் கூட்டுவதற்கு அது ஏறக்குறைய சமம். அவ்வளவு இருந்திருக்கும் என்று நாங்கள் கருதவில்லை. ஆனால் நடக்கவே முடியாத அளவும் அல்ல.