40 ஆண்டு நன்றி: காரைக்குடி பாத்திரக்கடையிலிருந்து ஒரு காணொலி

படமெடுக்கும் தம்பிக்கு: கைப்பேசியைப் படுக்கைவாட்டில் முக்காலியில் பொருத்திவிடு. பின்னணி இசை எதுவும் சேர்க்காதே; பாத்திரக்கடையில் ஓசைக்கா பஞ்சம்? கூட்டம் சேர்வதற்கு முன் காலையிலேயே எடுத்துவிடலாம். நான் பேசும்போது தடுமாறினால் வெட்ட வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

காட்சி 1
கடை வாசல். பையன்கள் குடங்களை வெளியே எடுத்து அடுக்குகிறார்கள். சில நொடிகள் போதும். பிறகு கல்லாவில் நான்.

வணக்கம். கடையில் வழக்கமாக நீங்கள் என்னைப் பார்க்கும் அதே இடத்திலிருந்துதான் பேசுகிறேன். புடவை மட்டும் புதிது. காணொலி என்றதும் மகள் விடவில்லை, கண்டாங்கி கட்டவைத்துவிட்டாள்.

இந்த மாதத்தோடு நம் கடைக்கு 40 ஆண்டு நிறைகிறது. அப்பா தொடங்கும்போது ஒற்றை அறை, ஒரு தராசு, வாசலில் ஒரு பெஞ்சு. அறைகள் கூடியிருக்கின்றன, பெஞ்சு அதேதான். ஆண்டு விழாத் தள்ளுபடி எவ்வளவு என்று நான்கைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தள்ளுபடி இல்லை. பித்தளையும் வெண்கலமும் எடைக்கு விற்கிற பொருள்கள். அவற்றுக்குப் பாதி விலை என்று பலகை மாட்ட வேண்டுமானால், அதற்கு முந்தின வாரமே விலையை ஏற்றியிருக்க வேண்டும். அந்த வேலை அப்பாவுக்குத் தெரியாது, எனக்கும் வராது. வேறொன்று வைத்திருக்கிறேன், பின்னால் சொல்கிறேன்.

காட்சி 2
பெயர் வெட்டும் மேசை. அண்ணனின் கைகளும் தூக்குச்சட்டியின் விளிம்பும் மட்டும் தெரிய வேண்டும். எந்த வீட்டு எழுத்தும் முழுதாகப் படத்தில் விழக்கூடாது. முதலில் ஓசையைக் கேட்கவிட்டு, அதன் மேல் என் குரல்.

இந்த ஓசை இல்லாமல் நம் கடையில் ஒரு முகூர்த்த மாதம் கழிந்ததில்லை. முன்பு உளியும் சிறு சுத்தியலும். புள்ளி புள்ளியாகத் தட்டித்தான் எழுத்து வரும். இப்போது மின்சாரக் கருவி வந்துவிட்டது. ஆனாலும் பித்தளை அண்டாவுக்கு உளிதான் வேண்டும் என்று கேட்கிற ஆச்சிமார் இருக்கிறார்கள். அண்ணனும் முகம் சுளிக்காமல் செய்து தருவார், நேரம் மட்டும் கேட்பார்.

வெளியூர்க்காரர்கள், கரண்டிக்குக்கூடவா பெயர் வெட்டுவீர்கள் என்று சிரிப்பார்கள். ஒரே வீட்டில் அண்ணன் தம்பிகள் தனித்தனிக் குடும்பமாக, தனித்தனிப் புள்ளியாக இருந்து, தனித்தனியே உலை வைத்த ஊர் இது. படைப்பு, கல்யாணம் என்றால் எல்லார் வீட்டு அண்டாவும் ஒரே கொல்லைக்கு வந்து சேரும். வீட்டு எழுத்தான விலாசம் இல்லாவிட்டால் எந்தக் கரண்டி எந்த வீட்டுக்குத் திரும்பும்? அம்மா வீட்டில் கொடுத்த சாமான் என்று பெண்ணுக்கு ஒரு கணக்கும் அந்த எழுத்தில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டு விலாசம் எங்களிடம் ஒரு நோட்டில் இருக்கிறது. அப்பா எழுதிய நோட்டு. எந்த எழுத்துக்குப் பின் புள்ளி, எது பெரிதாக வர வேண்டும் என்பதுவரை குறித்திருக்கிறார். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தொலைபேசியில் கூப்பிட்டு, "பேத்திக்குக் கல்யாணம், பழையபடியே வெட்டிவிடுங்கள்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். எந்தப் பழையபடி என்று எனக்குத் தெரியும் என்று நம்புகிறீர்களே, அதற்கு முதல் நன்றி.

காட்சி 3
மேசை மேல் பாத்திரச் சீட்டு அட்டைகள், கட்டுக் கட்டாக. பெயர்கள் தெரியாதபடி தூரத்திலிருந்து. பிறகு என் முகம், சற்று அருகில்.

இதைச் சொல்லாமல் இந்தக் காணொலியை முடிக்க எனக்கு மனம் வராது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சீட்டுக் கட்டியவர்கள் நிறையப் பேர் பாதியில் நின்றீர்கள். புதுவயலிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் மாதா மாதம் பஸ்ஸில் வந்து கட்டியவர்கள். காதுகுத்துக்குத் தாம்பாளம், பெண்ணுக்குச் சீர், தைப் பொங்கலுக்கு வெண்கலப் பானை என்று ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு காரணம் உண்டு. கடை பூட்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் வேலை இல்லை, கையில் காசு இல்லை. கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடு என்று நீங்கள் கேட்டிருந்தால் அது நியாயம்தான். ஒருவர்கூட நெருக்கவில்லை. கேட்டவர்களும், "முடிந்தால் கொடு தாயி, இல்லாவிட்டால் பிறகு பார்ப்போம்" என்றே கேட்டீர்கள். கடை திறந்ததும் விட்ட இடத்திலிருந்து கட்டத் தொடங்கினீர்கள்.

அந்த மாதங்களில் வேலைசெய்பவர்களுக்கு நான் அரைச் சம்பளமாவது கொடுக்க முடிந்தது என்றால், அது என் சாமர்த்தியம் இல்லை. உங்கள் பணம் என்னிடம் நின்றது, அதனால் முடிந்தது. அந்த அட்டைகளை நான் எறியவில்லை. கணக்கு முடிந்த அட்டைகளைக் கடையில் வைக்கக் கூடாது என்று சாத்திரம் பேசுகிறவர்கள் பேசட்டும்.

காட்சி 4
கொல்லைப்புறம். ஈயம் பூசும் அடுப்பு. சூடேறிய பித்தளைச் சட்டி, நவச்சாரம் தூவியதும் எழும் புகை, துணியால் தேய்க்கத் தேய்க்க உள்பக்கம் வெள்ளையாவது. வெட்டாமல் முழுதாக எடு. பார்ப்பதற்கு இதைவிட நல்ல காட்சி நம் கடையில் கிடையாது.

பின்னால் சொல்கிறேன் என்றது இதைத்தான். இந்தக் கடையில் வாங்கிய பித்தளைச் சமையல் பாத்திரம், எத்தனை பழையதாக இருந்தாலும், இந்த மாதம் முழுவதும் கொண்டுவாருங்கள். ஈயம் பூசித் தருகிறோம். கூலி வேண்டாம். ரசீது தேட வேண்டாம். அண்ணன் வெட்டிய எழுத்து அவருக்கே தெரியும்.

பூசுவது வெள்ளீயம், காரீயம் கலந்ததில்லை. பூச்சுத் தேய்ந்த பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும், அதனால்தான் பலர் பரண்மேல் ஏற்றிவிட்டீர்கள். சிலர் பழைய பித்தளையை எடைக்குப் போட்டு எவர்சில்வர் கேட்கிறீர்கள். எனக்கு வியாபாரம்தான், ஆனாலும் சொல்கிறேன்: போடாதீர்கள். அந்தக் கனத்தில் இன்று அடித்துத் தர ஆள் தேடுவது கடினம். பூசி எடுத்து, ஒருநாள் அதில் கும்மாயம் கிண்டிப் பாருங்கள்.

காட்சி 5
கடையில் வேலைசெய்பவர்கள், ஆளுக்கு மூன்று நொடி. யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தாதே. எடை போடும் அக்கா கட்டாயம் சிரிப்பார், அது போதும்.

நீங்கள் விலை பேசிச் சண்டை போடுவதெல்லாம் இவர்களிடம்தான். என்னிடம் வரும்போது எல்லாரும் நல்லவர்களாகிவிடுகிறீர்கள். அதனால் உங்கள் நன்றியில் பாதி இவர்களுக்குப் போகட்டும்.

காட்சி 6
வாசல் பெஞ்சு. நான் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் இடம் காலியாக இருக்கட்டும். தெருவில் வண்டி போனால் போகட்டும்.

ஆச்சிமாருக்கும், அண்ணன்மாருக்கும், சீட்டு அட்டையைச் சேலை முந்தியில் முடிந்து கொண்டுவரும் அம்மாக்களுக்கும், கடல் தாண்டி இருந்தும் ஒரு கரண்டிக்காக எங்களைக் கூப்பிடும் பிள்ளைகளுக்கும் அப்பாவின் சார்பிலும் என் சார்பிலும் மிக்க நன்றி. இந்தப் பக்கம் வரும்போது ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. வந்து உட்காருங்கள், காப்பி சொல்கிறேன்.