பூட்டாத லைப்ரரிக்கு 47,100 ரூபாய் வேணும்: முழு கணக்கோட

நம்ம ஊர் நடுநிலைப்பள்ளி லைப்ரரிக்கு இன்னும் 47,100 ரூபாய் தேவைப்படுது, ஜூலை 31க்குள்ள சேர்ந்தா ஆகஸ்ட்ல பிள்ளைங்க கைல புக் இருக்கும்.

பள்ளில புக்கே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு, ரெண்டு பீரோ நிறைய, ஆனா பூட்டி. புக் தொலைஞ்சா ஆடிட்ல டீச்சர் பதில் சொல்லணுமேங்கற பயத்துல யாரும் தொறக்கறதில்ல, அதுலயும் பாதி பெரியவங்க படிக்கற புக்கு, மூணாவது படிக்கற பிள்ளை அத வச்சு என்ன பண்ணும்? கல்வி உரிமைச் சட்டத்துலயே ஒவ்வொரு பள்ளியிலயும் கதைப் புத்தகத்தோட நூலகம் இருக்கணும்னு இருக்கு. அதனால இந்த தடவ திறந்த ரேக், அட்டை முகம் தெரியற மாதிரி, பிள்ளைங்க உயரத்துக்கு. தொலையற புக்க நோட்ல எழுதிட்டு விட்டுடுவோம், அபராதம் கிடையாதுன்னு பள்ளி மேலாண்மைக் குழுவுல தீர்மானமே போட்டாச்சு.

மொத்த பட்ஜெட் 72,000. புக் 400, சராசரி 90 ரூபாய்னு 36,000. ரேக் ரெண்டு 17,000. ஓட்டு ரிப்பேரும் ஜன்னல் வலையும் 11,000. பாய், பெஞ்ச் 6,500. ரெஜிஸ்டர், லேபிள், பைண்டிங் டேப் 1,500.

இதுவரைக்கும் வந்தது 24,500 (டீச்சர்ங்க 9,000, பழைய மாணவர்கள் 15,500). செலவு, ரிப்பேர் மட்டும்தான், 10,600, மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு அத முதல்ல பண்ணிட்டோம். மிச்சம் 13,900 குழு அக்கவுண்ட்ல இருக்கு. ரிப்பேர்ல மிச்சமான 400அ கழிச்சுதான் மேல சொன்ன 47,100.

500 ரூபாய் குடுத்தா அஞ்சு புக் வரும். 100 குடுத்தாலும் ஒரு புக்தான், தயங்காதீங்க. கீழ படத்துல இருக்கற கியூஆர் கோடு பள்ளி மேலாண்மைக் குழு பேர்ல உள்ள பேங்க் அக்கவுண்டோடது, யாரோட சொந்த நம்பருக்கும் தயவுசெஞ்சு அனுப்பாதீங்க, என் நம்பருக்கும்தான். அனுப்பும்போது குறிப்புல "நூலகம்"னு போட்டுடுங்க. 80ஜி ரசீது எங்களால தர முடியாது, சாதா ரசீது உண்டு. வெளிநாட்டு குடியுரிமை வாங்கிட்டவங்க பணம் அனுப்ப வேணாம், அதுக்கு தனி பதிவு வேணும், எங்ககிட்ட இல்ல.

ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வரவு செலவு, பில் போட்டோ, பேங்க் ஸ்டேட்மென்ட் மூணும் இங்கயே போடுவேன். பேர் வேணாம்னு சொல்றவங்களுக்கு தொகை மட்டும் வரும். குறைவா சேர்ந்தா புக் முதல்ல, பெஞ்ச் கடைசில. கூட சேர்ந்தா சிறுவர் பத்திரிகை சந்தா.

பழைய புக் தரேன்னு நிறைய பேர் கேக்கறீங்க, ரொம்ப சந்தோஷம். கைடு, கிழிஞ்சது, பழைய பாடப்புத்தகம் மட்டும் வேணாம். தமிழ்ல படம் போட்ட கதை, அறிவியல், ஊர் உலகம் பத்தினது எதுவானாலும் லிஸ்ட் அனுப்புங்க, பார்த்துட்டு ரெண்டு நாள்ல பதில் சொல்றேன்.