ஆட்டோ சைக்கிள்: நாலு கோடு வேற, நாலு ஸ்ட்ரோக் வேற

தம்பி, நீ போட்டோ எடுத்து அனுப்பின பி-வி டயகிராம் பாத்தேன். வடிவம் சரியா இருக்கு ஆனா ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்துல சக்‌ஷன், கம்ப்ரஷன், பவர், எக்ஸாஸ்ட்னு எழுதி வச்சிருக்க பாரு, அங்கதான் மொத்தமும் போச்சு. நானும் செகண்ட் இயர்ல இதையேதான் எழுதினேன், 13 மார்க்ல 5 வந்துச்சு. அதனால என் பழைய தெர்மோ நோட்ஸ எடுத்து வச்சுக்கிட்டு சொல்றேன், நீயும் ஒரு பேப்பர எடுத்துக்கோ.

முதல்ல ஆட்டோன்னா ஸ்டாண்டுல நிக்கிற ஆட்டோ இல்ல, நிக்கோலஸ் ஆட்டோன்னு ஒரு ஜெர்மன்காரர், 1876ல ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின ஓட வச்சவர். பெட்ரோல் இன்ஜினோட ஐடியல் சைக்கிளுக்கு அவர் பேர்தான்.

படுக்க வால்யூம், நிமிர்த்தி பிரஷர். ஒவ்வொரு கோட்டுலயும் ரெண்டே கேள்வி கேளு: பிஸ்டன் நகருதா? ஹீட் உள்ள வருதா வெளிய போகுதா?

1லேருந்து 2: பிஸ்டன் கீழேருந்து மேல வருது, ஹீட் வரவும் இல்ல போகவும் இல்ல. ஐசென்ட்ரோபிக் கம்ப்ரஷன். வலது கீழ் மூலையிலேருந்து இடது பக்கமா மேல ஏறுற வளைவு. இத ஸ்கேல் வச்சு நேர்கோடா போட்டுடாத, PV^γ மாறாம இருக்கணும், γங்கிறது காத்தோட ரெண்டு ஸ்பெசிஃபிக் ஹீட்டோட விகிதம், அதனால ஆரம்பத்துல மெதுவா ஏறி கடைசில சர்ருனு நிமிரும். சைக்கிள் பம்புல காத்து அடிக்கும்போது அடிப்பக்கம் சுடும்ல, கிட்டத்தட்ட அதேதான். கம்ப்ரஷன் ரேஷியோ r = 8, அதாவது வால்யூம் எட்டுல ஒண்ணா சுருங்குது, ஆரம்பம் 100 kPa, 300 K, γ = 1.4னு வச்சா, 2ல டெம்பரேச்சர் 300 × 8^0.4, அதாவது 689 K. பிரஷர் 1838 kPa. இன்னும் ஒரு சொட்டு பெட்ரோல் கூட எரியல, வெறும் அமுக்கினதுக்கே இவ்ளோ சூடு!

2லேருந்து 3: இங்கதான் எல்லாரும் வழுக்கி விழுறது. பிஸ்டன் டிடிசில, அதாவது மேல் முனையில, அப்படியே நிக்குது, வால்யூம் மாறல, ஹீட் மட்டும் உள்ள வருது, அதனால நேரா செங்குத்தா மேல ஒரு கோடு. இது ஸ்ட்ரோக்கே கிடையாது, ஸ்பார்க் அடிச்சு எரியுறது கண்ணிமைக்கிறதுக்குள்ள முடிஞ்சிருதுன்னு நாம வச்சுக்கிற கணக்கு. T3 1800 Kனு எடுத்தா பிரஷர் 4800 kPa. வால்யூம் மாறாததால வேலையும் பூஜ்யம், உள்ள வந்த ஹீட் மொத்தமும் இன்டர்னல் எனர்ஜியா ஏறுது, காத்தோட Cv 0.718 kJ/kg·Kனு போட்டா: 0.718 × (1800 − 689), சுமார் 798 kJ/kg. இந்தக் கோட்ட கொஞ்சம் சாய்ச்சு போட்டாலும் தப்பு, படுக்க போட்டா அது டீசல் சைக்கிள்.

3லேருந்து 4 பவர் ஸ்ட்ரோக், கேஸ் பிஸ்டன கீழ தள்ளுது, மறுபடி ஐசென்ட்ரோபிக், 1-2 வளைவுக்கு மேலேயே இன்னொரு வளைவு. முடிவுல 783 K, 261 kPa.

4லேருந்து 1: பிஸ்டன் பிடிசில, அதாவது கீழ் முனையில, நிக்குது, ஹீட் வெளிய போகுது, செங்குத்தா கீழ. சுமார் 347 kJ/kg போச்சு. நிஜ இன்ஜின்ல எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் பிரஷர் டொப்புனு விழுமே, அதுக்கு பதிலா நாம போட்டுக்கிற கோடு இது.

அப்போ சக்‌ஷனும் எக்ஸாஸ்டும் எங்கன்னு கேப்ப. 1லேருந்து இடது பக்கம் 100 kPaல ஒரு படுக்கக் கோடு போட்டு அந்த முனைக்கு 0னு பேர் வை, 0-1 சக்‌ஷன், 1-0 எக்ஸாஸ்ட், ரெண்டும் ஒரே கோட்டுல போய் வர்றதால வேலை கழிஞ்சு பூஜ்யம் ஆயிடும், அதான் சைக்கிள்ல கணக்குல வரல. ஆக நாலு ஸ்ட்ரோக்ல ரெண்டுதான் லூப்புக்குள்ள இருக்கு, லூப்போட மத்த ரெண்டு கோட்டுல பிஸ்டன் அசையவே இல்ல.

லூப்புக்குள்ள அடைபட்ட பரப்புதான் நெட் ஒர்க், 798 − 347 = 451 kJ/kg. எஃபிசியன்சி 56.5%. 1 − 1/r^(γ−1) போட்டுப் பாரு, அதே தான் வரும். ஃபார்முலால T3 இல்லவே இல்லங்கிறத கவனி, வைவால இதத்தான் நோண்டுவாங்க. அப்போ r 20 வச்சா என்னன்னு கேட்டா, 2ல சூடு ரொம்ப ஏறி, ஸ்பார்க் வந்ததும் தீ போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே மிச்ச மிக்ஸ்சர் தானா பத்திக்கும், நாக்கிங்னு சொல்லு.

அம்புக்குறி கடிகார திசைல இருக்கணும், உன் படத்துல 3-4ல தலைகீழா இருக்கு, மாத்திட்டு மறுபடி போட்டோ அனுப்பு.