கோழிக்கு, ஆந்தை எழுதுவது

கோழி,

நான் ஆந்தை. நம்பர் புதிதாக இருக்கிறதே, யாரோ என்னவோ என்று அழித்துவிடாதே. உன்னைக் கோழி என்று கூப்பிடுகிற ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். வேறு யாராவது புதிதாகச் சேர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும், அவ்வளவுதான்.

நம்பர் தொலைந்துவிட்டது, இப்போதுதான் கிடைத்தது என்று ஆரம்பிக்கலாமா என்று பார்த்தேன். சுலபமாக இருந்திருக்கும். ஆனால் உன் நம்பர் என்னிடமே இருந்தது. மூன்று போன் மாற்றிவிட்டேன், ஒவ்வொன்றிலும் தன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. 'க' வரிசையில் யாரையாவது தேடும்போதெல்லாம் உன் பெயர் கண்ணில் படும். நான் பார்க்காத மாதிரி கீழே தள்ளிக்கொண்டு போய்விடுவேன்.

சரி, இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வீடு மாற்றுகிறோம். பரணிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினேன். பழைய நோட்டு, ஒற்றைச் செருப்பு, ஹாஸ்டல் அடையாள அட்டை எல்லாம் கிடக்கிற பெட்டி. (ஒற்றைச் செருப்பை எதற்குப் பதினைந்து வருடத்துக்கும் மேலாகப் பத்திரமாக வைத்திருந்தேன் என்று கேட்காதே, தெரியாது.) அதற்கடியில் நம் அலாரம் கடிகாரம். அந்த வட்டக் கடிகாரம்தான், ஒரு பக்கக் கால் உடைந்து, ரப்பரை முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருப்போமே, அதே.

ஓடவில்லை. பின்பக்க மூடியைக் கழற்றினால் செல் ஒழுகி, முனையெல்லாம் வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது. நெம்பி வெளியே எடுத்தேன். செல்லோடு சேர்ந்து நாலாக மடித்த ஒரு காகிதமும் வந்து மடியில் விழுந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முதல் வருடம் அது நின்றுபோனபோது உன்னைப் பார்க்க வந்திருந்த அப்பாதான் சரிசெய்து கொடுத்தார். வரவேற்பறை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடிக் கூட்டிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தாரே. ஊருக்குப் போகிற மனிதர் கண்ணாடிக் கூட்டில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டு அந்த வெள்ளைப் பூப்பைத் துடைத்தார். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, செல் ஆடுகிறது என்று உன் நோட்டிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து மடித்து உள்ளே செருகினார். நீ "அப்பா, அது என் கணக்கு நோட்டு!" என்று கத்தினாய். அவர் காதில் வாங்கவே இல்லை.

எனக்குக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று விளக்கம் வேறு. "உள்ளே ஒரு சின்னப் படிகம் இருக்கும்மா. ஒரு செகண்டுக்கு 32,768 தடவை துடிக்கும். அத்தனையும் எண்ணி முடிச்சாத்தான் முள்ளு ஒரு அடி வைக்கும்." நீ உடனே, "அவளுக்கு காலையில எழுந்திருக்கவே தெரியாது, அவகிட்ட போய் துடிப்பு எண்ணிக்கிட்டு இருக்கீங்களே" என்றாய். அவர் சிரித்துவிட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்துக் கொடுத்தார். பத்து நிமிடம் கூட என்று தெரிந்ததால் நான் தினமும் பத்து நிமிடம் கூடவே தூங்கினேன். அவரிடம் அதைக் கடைசிவரை சொல்லவில்லை.

அந்தக் காகிதத்தைப் பிரித்தேன். ஒரு பக்கம் உன் கையெழுத்தில் பாதிக் கணக்கு. மறுபக்கம் பென்சிலில், அவர் கையெழுத்து: "செல் மாற்றியது 14.7.2007. இந்தக் காகிதத்தை எடுக்க வேண்டாம்மா."

அந்த 'ம்மா'வில் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் பையன் வந்து "ஏம்மா அழுறே, கடிகாரம் போச்சா?" என்று கேட்டான்.

இனி எழுதப்போவதுதான் இத்தனை வருடமாக எழுத வராதது.

2018 நவம்பரில் நீ அனுப்பிய செய்தி எனக்கு எழுத்துக்கு எழுத்து மனப்பாடம். "அப்பாக்கு முடியல. ஆஸ்பத்திரியில இருக்கோம். நேரம் கிடைச்சா கூப்பிடு." நான் "ராத்திரி கூப்பிடுறேன்டி" என்று போட்டேன். கூப்பிடவில்லை. அப்போது பையனுக்கு ஒன்றரை மாதம். எனக்குப் பகல் எது இரவு எது என்று தெரியாத நாட்கள். இதைச் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கிறது, சொல்லாவிட்டால் நீ வேறு எதையாவது நினைத்திருப்பாய். ஆனால் ஐந்து நிமிடம் பேசுவதற்கு எந்தக் குழந்தையும் தடையில்லை என்று எனக்கும் தெரியும். நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு நாள் ஓட்டினேன். ஏழாவது நாள் நம் கூட்டத்தில் ஒருத்தி சொல்லித்தான் அப்பா போய்விட்டார் என்று தெரிந்தது.

அன்றைக்கே கூப்பிட்டிருக்க வேண்டும். போனைக் கையில் எடுத்தேன், என்ன சொல்வதென்று தெரியவில்லை. எழுதலாம் என்று எழுதினேன், அழித்தேன். ஒரு வாரம் கழித்து, இவ்வளவு தாமதமாக என்ன சொல்வது என்று இருந்தது. ஒரு மாதம் கழித்து, தாமதத்துக்கு முதலில் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. கடனைவிட வட்டி பெரிதாகி, வட்டி குட்டி போட்டு, அப்புறம் கடன்காரர் வீட்டுத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஆள் மாதிரி ஆகிவிட்டேன்.

அடுத்த வருடம் என் பிறந்தநாளைக்கு நீ "பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று அனுப்பினாய். இரண்டே வார்த்தை. ஆந்தை இல்லை, திட்டு இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் நீதான் கதவைத் தட்டினாய். நான் "நன்றி" என்று போட்டேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஒரு வங்கி அனுப்பும் செய்திகூட அதைவிட நீளமாக இருக்கும். அதற்குப் பிறகு நீ எழுதவில்லை, எழுதாததுதான் நியாயம்.

என்னை மன்னித்துவிடு, கோழி. நீ கூப்பிடச் சொன்ன நேரத்தில் நான் கூப்பிடவில்லை. இதை வேறு எந்த வார்த்தையிலும் சுற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

உனக்குக் கோபம் இருக்கலாம். அது இன்னும் இருந்தால் தாராளமாகத் திட்டு, நீளமாகவே திட்டு. நான் நடுவில் குறுக்கே பேச மாட்டேன். கோபமெல்லாம் என்றைக்கோ ஆறிப்போய், இப்போது எதுவுமே தோன்றவில்லை என்றால் அதையும் சொல்லலாம். எனக்குப் பயம் அதுதான், ஆனாலும் சொல்லலாம்.

என் பக்கத்துச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. பையன் இரண்டாம் வகுப்பு. என்னை மாதிரியே காலையில் எழுந்திருக்க மாட்டான், நான் அவனை எழுப்பும்போது வாயில் வருவதெல்லாம் நீ என்னை எழுப்பும்போது சொன்ன வசனங்கள்தான். "விடிஞ்சு உலகம் பாதி தூரம் போயிருச்சு" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, இது யார் குரல் என்று நானே திரும்பிப் பார்த்தேன். வேலையை நடுவில் மூன்று வருடம் விட்டுவிட்டு, மறுபடி சேர்ந்திருக்கிறேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள் என்னை 'மேடம்' என்கிறார்கள். முன்பக்கம் ஒரு கொத்து நரைத்துவிட்டது. சாயம் பூசலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க நீ பக்கத்தில் இல்லாததால் அது அப்படியே இருக்கிறது.

உன்னைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்பதுதான் விசித்திரமாக இருக்கிறது. நீ பல் தேய்க்கும்போது எந்தப் பாட்டை முணுமுணுப்பாய் என்று தெரியும், இப்போது எங்கே வேலை செய்கிறாய் என்று தெரியாது. அம்மா எப்படி இருக்கிறார்கள்? உன்னோடுதான் இருக்கிறார்களா? முழங்கால் வலி என்று சொல்வார்களே, தேவலையா? நீ இன்னும் படம் வரைகிறாயா? சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அறை முழுக்கச் சாவி தேடுகிறாயா? அதை யார் இப்போது சுட்டிக்காட்டுகிறார்கள்?

அப்பாவைப் பற்றியும் கேட்க வேண்டும். அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல உனக்கு மனமிருந்தால் கேட்க எனக்கு ஆசை. ஏழு வருடம் தாமதம்தான். வேண்டாம் என்றால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன், நரைமுடியைப் பற்றி மட்டும் பேசுவோம்.

காகிதத்தின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக் கீழே வைத்திருக்கிறேன். பென்சில் எழுத்து மங்கியிருக்கிறது, பெரிதாக்கிப் பார். அது உன் அப்பா கையெழுத்து, உன்னிடம்தான் இருக்க வேண்டும். எப்படி அனுப்பட்டும், சொல். தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை, தொலைந்துவிட்டால் என்ன செய்வது? நேரில் கொண்டுவந்து தரவும் நான் தயார். அதற்காகத்தான் இந்த யோசனையா என்று நீ நினைத்தால், ஆமாம், பாதி அதற்காகவும்தான்.

உடனே பதில் போட வேண்டும் என்றில்லை. நான் உன்னை ஏழு வருடம் காக்க வைத்தவள், எத்தனை நாள் ஆனாலும் கேட்க எனக்கு வாய் கிடையாது. எழுத முடியாவிட்டால் ஒரு திட்டு ஸ்டிக்கர் போதும். பேச வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் பையன் விளையாடப் போய்விடுவான், வீடு அமைதியாக இருக்கும். வேறு எந்த நேரமானாலும் எடுப்பேன். இந்தத் தடவை ராத்திரி கூப்பிடுகிறேன் என்று நான் சொல்லப்போவதில்லை. நீ சரி என்று ஒரு வார்த்தை போடு, அந்த நிமிடமே கூப்பிடுகிறேன்.

கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டேன். வினிகர், பஞ்சு, புது செல், எல்லாம் அவர் செய்த முறைதான். அவர் காகிதத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அதே அளவுக்கு என் நோட்டிலிருந்து கிழித்து மடித்துச் செருகினேன். பத்து நிமிடமும் கூட்டி வைத்திருக்கிறேன். இப்போது அது 11:50 காட்டுகிறது, அதாவது 11:40. நான் விழித்திருக்கிறேன், நீ தூங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். காலையில் பார்.

உன்
ஆந்தை