குடமுழுக்கு நாள்: கூட்டப் பாதுகாப்பும் முதலுதவியும் – தொண்டர்களுக்கான அறிவிப்பு

தொண்டர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 9.15க்கு நம் மாரியம்மன் கோயில் குடமுழுக்கு. எட்டாயிரம் பேராவது வருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். வருகிறவர்கள் எல்லோரும் அம்மனைப் பார்த்து, சாப்பிட்டு, பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். அந்தப் பொறுப்பு நம்முடையது.

நமக்கு மிகவும் சிக்கலான நேரம், கலசத்தில் தீர்த்தம் ஊற்றியபின் வரும் கால் மணி நேரம். அதுவரை அண்ணாந்து நின்ற கூட்டம் தீர்த்தத்துக்கும் தரிசனத்துக்குமாக ஒரே வாசலை நோக்கி நகரும். 1992 கும்பகோணம் மகாமக நெரிசலில் எத்தனை உயிர்கள் போயின என்பது நம் பெரியவர்களுக்கு மறந்திருக்காது. நெரிசலில் பலர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற இடத்திலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டிச் சாகிறார்கள். பின்னால் தள்ளுகிறவருக்கு முன்னால் நடப்பது தெரியவே தெரியாது. அதனால்தான் முன்னால் நிற்பவரைக் கத்திக் கட்டுப்படுத்துவதைவிட, பின்னால் வருகிறவரை நிறுத்துவதே முக்கியம்.

இதற்காக மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறோம். தீர்த்தத்தைத் தேடி மக்கள் வர வேண்டாம்; தீர்த்தமே மக்களிடம் போகும். ட்ரோனோடு ஐந்து இடங்களில் பைப் வைத்தும் தெளிப்போம். இதை எட்டு மணியிலிருந்தே மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தது, கீழவீதி வழியாக உள்ளே, வடக்குவீதி வழியாக வெளியே. யாருக்காகவும், எந்த முக்கியஸ்தருக்காகவும், எதிர்த்திசையில் விடக்கூடாது. மூன்றாவது, கோயில் முன் திடல். 40 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 1200 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்றால் 2400 பேர் நிற்கலாம். நாலைந்து பேர் ஆகிவிட்டால் நினைத்த பக்கம் திரும்ப முடியாது, அதற்கு மேல் போனால் கூட்டமே ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். திடல் நிரம்பியதும் கீழவீதி முனையில் கயிறு போட்டு நிறுத்திவிடுங்கள். மற்றவர்கள் தெற்குவீதித் திரையில் பார்க்கலாம்.

பக்கத்தில் நிற்பவரின் தோள் உங்கள் தோளை விடாமல் அழுத்தினால், கையை உயர்த்த முடியாமல் போனால், அப்போதே மூன்று முறை நீளமாக விசில் ஊதுங்கள். கூட்டத்தில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. விசில் கேட்டதும் கீழவீதி அடைக்கப்படும், வடக்குவீதித் தடுப்பு முழுவதும் திறக்கப்படும். மைக்கில் "ஓடுங்க", "நெரிசல்" என்ற சொற்களே வரக்கூடாது. "அப்படியே நில்லுங்க, வழி திறக்கிறோம்" என்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மேலவீதி ஆம்புலன்ஸுக்கு மட்டும். அங்கே ஒரு சைக்கிள்கூட நிற்கக் கூடாது. முதலுதவி இடம் மேலவீதிப் பள்ளிக்கூட வராண்டா. இரண்டு செவிலியர்கள் காலை 6 மணியிலிருந்து இருப்பார்கள். ஓ.ஆர்.எஸ்., சர்க்கரை, துணிக்கட்டு, ஸ்ட்ரெச்சர், பத்துக் குடம் தண்ணீர் எல்லாம் அங்கே.

அதிகம் வரப்போவது மயக்கம்தான். விரதமிருந்து வெயிலில் நிற்பார்கள். நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்துங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நினைவு தெளிந்தபின் சர்க்கரை நோயாளி என்று தெரிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால் அது வெறும் மயக்கமில்லை, வெப்பத் தாக்கு. உடனே 108, வண்டி வரும்வரை உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்க வேண்டாம், கையைக் காலைப் பிடித்து அமுக்கவும் வேண்டாம். சுற்றிலும் இடம் விட்டு, தலைக்கடியில் துண்டு வையுங்கள். வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108.

ஒருவர் அசைவில்லாமல், மூச்சும் இல்லாமல் கிடந்தால், ஒருவர் 108ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். சோர்ந்தால் ஆள் மாறுங்கள், அழுத்துவதை நிறுத்தாதீர்கள்.

அன்னதானக் கூடத்தில் சாம்பார் கொட்டிச் சுட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். சிலிண்டர்களை அடுப்பை விட்டுத் தள்ளி, பந்தலுக்கு வெளியே வைக்கச் சமையல்காரரிடம் சொல்லியாகிவிட்டது.

இரவுச் சப்பரத்துக்கு மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். லைன்மேன் வந்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டேன் என்று நேரில் சொன்ன பிறகே சப்பரம் நகரும். 2022இல் தஞ்சாவூர் களிமேட்டில் தேர்ப் பவனியில் மின்சாரம் பாய்ந்து 11 பேர் இறந்தார்கள். யாராவது அவசரப்படுத்தினால், இதைச் சொல்லி நிறுத்துங்கள்.

குழந்தைகளின் கையில் பெற்றோர் போன் எண்ணைப் பேனாவால் எழுதும் வேலை மகளிர் குழுவுக்கு, கீழவீதி நுழைவில்.

சனிக்கிழமை மாலை 5 மணிக்குத் திடலில் ஒத்திகை. நெஞ்சழுத்தத்தைச் செவிலியர் செய்து காட்டுவார். ஒவ்வொருவரும் செய்து பார்க்க வேண்டும். விசிலும் பச்சைத் துண்டும் அப்போதே தரப்படும், வராதவர்களுக்கு ஞாயிறு வாசல் பணி கிடையாது.

– விழாக் குழு, பாதுகாப்புப் பிரிவு