மாற்றுச் சிறுநீரக ஆய்வில் இறப்பைச் சென்சார் செய்வது ஏன் சரியில்லை

அன்புள்ள டாக்டர்,

வணக்கம். ஆய்வேட்டின் முடிவுகள் அத்தியாயத்தையும் எக்செல் தாளையும் முழுக்கப் பார்த்துவிட்டேன். தரவு சேகரித்த விதம் நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு ஆட்சேபம், ஆனால் அது உங்கள் முக்கிய முடிவையே தொடுகிறது. கிராஃப்ட், அதாவது மாற்றிப் பொருத்திய சிறுநீரகம், வேலை செய்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனவர்களை நீங்கள் `status = 0` என்று குறித்து, கண்காணிப்பு பாதியில் நின்ற சென்சார் கணக்கில், தொடர்பு விட்டுப்போனவர்களோடு சேர்த்துவிட்டீர்கள். அதன் மேல் கப்லன்-மையர் வளைவு போட்டு, ஒன்றிலிருந்து கழித்து, "கிராஃப்ட் செயலிழக்கும் வாய்ப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் நிஜத்தில் நடந்ததைவிடப் பெரிதாக வரும். தேர்வாளர்கள் இதை நிச்சயம் கேட்பார்கள். அதைவிட, நாளை ஒரு நோயாளியிடம் நீங்கள் சொல்லப்போகும் எண்ணும் இதுதான்.

கப்லன்-மையர் முறை சென்சார் ஆனவரை எப்படி நடத்துகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 18-வது மாதத்தில் ஒருவர் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார் என்று வையுங்கள். அவருடைய கிராஃப்ட் அதன்பிறகு என்ன ஆனது என்று நமக்குத் தெரியாது. ஆனால் அது இன்னும் செயலிழக்கக் கூடியதுதான். அதனால் நம்மிடம் இருக்கும் மற்றவர்களுக்கு என்ன நடக்கிறதோ அதுவே அவருக்கும் நடக்கும் என்று முறை எடுத்துக்கொள்கிறது. இது நியாயமான அனுமானம். 18-வது மாதத்தில் மாரடைப்பிலோ நோய்த்தொற்றிலோ இறந்தவர் அப்படியில்லை. அவர் இனி டயாலிசிஸுக்குத் திரும்ப வழியே இல்லை. இறப்பு நம் பார்வையிலிருந்து கிராஃப்ட் செயலிழப்பை மறைக்கவில்லை, அது நடக்கவே விடாமல் செய்துவிட்டது. இப்படி ஒரு நிகழ்வு இன்னொன்றின் வழியை அடைத்துவிடும்போது அதைத்தான் காம்பீட்டிங் ரிஸ்க், போட்டி அபாயம் என்கிறோம்.

10 பேரை வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட ஆட்கள் இவர்கள். 6, 18, 24, 36-வது மாதங்களில் நான்கு பேர் கிராஃப்ட் வேலை செய்யும்போதே இறக்கிறார்கள். 10, 30, 48-வது மாதங்களில் மூன்று பேருக்குக் கிராஃப்ட் செயலிழந்து டயாலிசிஸுக்குத் திரும்புகிறார்கள். மீதி மூன்று பேர் 60 மாதம் முடியும்போதும் நன்றாக இருக்கிறார்கள். இடையில் யாரும் தொடர்பு விட்டுப்போகவில்லை. ஆக, ஐந்தாண்டில் கிராஃப்ட் இழந்தவர்கள் 10-க்கு 3, அதாவது 30 சதவீதம். இதில் வாதத்துக்கு இடமே இல்லை, விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இப்போது இறந்தவர்களைச் சென்சார் செய்து பாருங்கள். 10-வது மாதத்தில் ரிஸ்க்கில் இருப்பவர்கள் 9 பேர், 30-வது மாதத்தில் 6 பேர், 48-வது மாதத்தில் 4 பேர்.

```
S(60)     = (8/9) × (5/6) × (3/4) = 0.556
1 - S(60) = 0.444
```

மூன்று பேர் இழந்த இடத்தில் 44 சதவீதம் என்று வருகிறது. இதே தவறைத் திருப்பிப் போட்டு, கிராஃப்ட் செயலிழந்தவர்களைச் சென்சார் செய்து இறப்பைக் கணக்கிட்டால், உண்மையில் 40 சதவீதமாக இருப்பது 46 என்று வருகிறது. 44-ம் 46-ம் சேர்ந்து 90. கிராஃப்டோடு உயிரோடு இருக்கும் 30 சதவீதத்தையும் சேர்த்தால் 120. நூறு பேரில் நூற்றிருபது பேருக்குக் கணக்குச் சொல்லும் முறையை எந்த நோயாளியின் முன்னாலும் வைக்க முடியாது.

சரியான கணக்கு இதைவிடச் சிக்கலானது இல்லை. ஒவ்வொரு செயலிழப்பின் போதும், அதற்குச் சற்று முன்பு வரை இரண்டு நிகழ்வுமே இல்லாமல் தப்பியவர்களின் விகிதத்தை எடுத்து, அந்த நேரத்துச் செயலிழப்பு விகிதத்தால் பெருக்கி, கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

```
0.9 × 1/9  +  0.6 × 1/6  +  0.4 × 1/4  =  0.30
```

இதற்குக் குமுலேட்டிவ் இன்சிடென்ஸ் என்று பெயர். முறைப்படுத்தியவர்கள் ஆலனும் யோஹான்சனும், 1978-ல். தொடர்பு விட்டுப்போனவர்கள் இல்லாத இந்த உதாரணத்தில் வெறும் எண்ணிக்கையே போதும். உங்கள் தரவில் அப்படி இல்லை. பலருடைய தொடர் கண்காணிப்பு இன்னும் முடியவில்லை, அதனால் இந்தச் சூத்திரம் உங்களுக்குக் கட்டாயம் தேவை.

"பதிவேடுகளின் அறிக்கைகளிலெல்லாம் டெத்-சென்சார்டு கிராஃப்ட் சர்வைவல் என்றுதானே போடுகிறார்கள்?" என்று எழுதியிருந்தீர்கள். போடுகிறார்கள்தான். அந்த அளவு யாருமே இறக்காத ஒரு கற்பனை உலகத்தில் கிராஃப்ட் எப்படி இருக்கும் என்று கேட்கிறது. ஒரு கிராஃப்டின் உயிரியலைப் பற்றி யோசிக்க அது உதவலாம். ஆனால் அதற்கு, இறந்தவர்கள் பிழைத்திருந்தால் அவர்களுடைய கிராஃப்டும் மற்றவர்களுடையது போலவே நடந்திருக்கும் என்று நம்ப வேண்டும். சர்க்கரை நோய் இதயத்தையும் கெடுக்கிறது, சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. அப்படிப்பட்டவர்களிடம் இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் நிற்கும்? தரவை எவ்வளவு புரட்டினாலும் அந்த அனுமானத்தைச் சரிபார்க்க முடியாது என்பதை 1975-லேயே சியாட்டிஸ் நிறுவிவிட்டார். அந்த அளவைப் போடுவதானால் அதன் பெயரோடு, அதன் பொருளோடு போடுங்கள். "10 ஆண்டில் இத்தனை பேர் டயாலிசிஸுக்குத் திரும்புவார்கள்" என்று மட்டும் அதை மாற்றிச் சொல்லக் கூடாது.

இனி உங்கள் முக்கியக் கேள்வி: சர்க்கரை நோய் கிராஃப்ட் செயலிழப்பைக் கூட்டுகிறதா? நீங்கள் ஃபைன்-கிரே மாடல் ஓட்டியபோது, சர்க்கரை நோய் உள்ளவர்களை இல்லாதவர்களோடு ஒப்பிடும் ஹசார்ட் விகிதம் ஒன்றுக்குக் கீழே வந்ததால் குழம்பிப்போயிருக்கிறீர்கள். குழப்பம் நியாயமானது, அந்த எண் உயிரியலைச் சொல்கிறது என்று நினைத்துப் படித்தால் யாருமே வழி தவறுவார்கள்.

மறுபடியும் கணக்குக்காக மட்டும் ஒரு நிலைமை. சர்க்கரை நோய் உள்ளவர், இல்லாதவர் இருவருக்குமே கிராஃப்ட் செயலிழக்கும் வேகம் ஒன்றுதான், ஆண்டுக்கு 0.04. இறப்பின் வேகம் மட்டும் வேறு: இல்லாதவருக்கு 0.02, உள்ளவருக்கு 0.08. ஆக, சர்க்கரை நோய் கிராஃப்டைத் தொடவே இல்லை. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால், சர்க்கரை நோய் இல்லாத 100 பேரில் 30 பேர் கிராஃப்ட் இழந்திருப்பார்கள், 15 பேர் கிராஃப்டோடு இறந்திருப்பார்கள், 55 பேர் நலமாக இருப்பார்கள். சர்க்கரை நோய் உள்ள 100 பேரில் கிராஃப்ட் இழந்தவர்கள் 23 தான். இறந்தவர்கள் 47, நலமாக இருப்பவர்கள் 30. இறப்பைச் சென்சார் செய்திருந்தால் இரண்டு குழுவுக்கும் ஒரே 33 என்று வந்திருக்கும்.

30-லிருந்து 23-க்கு இறங்கியதைச் சர்க்கரை நோய் தந்த பாதுகாப்பு என்று எழுதினால் அது பெரும் பிழை. அவர்களில் பலர் கிராஃப்ட் கெடும்வரை உயிரோடு இல்லை, அவ்வளவுதான். ஃபைன்-கிரே இந்த 30-ஐயும் 23-ஐயும்தான் ஒப்பிடுகிறது. 1999-ல் வந்த அந்த மாடலில், இறந்தவர்களும் கிராஃப்ட் செயலிழப்புக்கான ரிஸ்க் கணக்கிலேயே தொடர்ந்து வைக்கப்படுகிறார்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் குமுலேட்டிவ் இன்சிடென்ஸோடு நேரடியாக இணைய வேண்டுமென்றால் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

அதனால் உங்கள் ஆய்வேட்டுக்கு என் யோசனை இது. காரணம் தேடும் கேள்விக்குக் காஸ்-ஸ்பெசிஃபிக் காக்ஸ் மாடல் போடுங்கள், அதையும் இரண்டாகப் போடுங்கள்: கிராஃப்ட் செயலிழப்புக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று. இங்கே மற்ற நிகழ்வைச் சென்சார் செய்வது சரியே, ஏனென்றால் அந்தந்த நேரத்தில் உயிரோடும் கிராஃப்டோடும் இருப்பவர்களிடையே வேகத்தை மட்டும் அளக்கிறோம். தவறு நேர்வது அந்த வேகத்தை நேராக நிகழ்தகவாக மாற்றும்போதுதான். நோயாளியிடம் சொல்லும் எண்ணுக்கு குமுலேட்டிவ் இன்சிடென்ஸ் வளைவுகள், இரண்டு நிகழ்வுக்குமே, பக்கத்தில் பக்கத்தில். ஃபைன்-கிரே வேண்டுமானால் அதற்குத் துணையாக வரட்டும். லாக்-ராங்க் சோதனை வேகங்களை ஒப்பிடுவது, கிரே சோதனை வளைவுகளை ஒப்பிடுவது. இரண்டும் வேறு வேறு விடை தந்தால் பதற வேண்டாம், கேள்விகளே வேறு.

முதலில் `status`-இல் சென்சார் `0`, கிராஃப்ட் செயலிழப்பு `1`, கிராஃப்டோடு இறப்பு `2` என்று திருத்திக்கொள்ளுங்கள். பிறகு இந்த வளைவுகளுக்கும் காக்ஸ் மாடல்களுக்கும் ஆர் மென்பொருளின் `survival` தொகுப்பு ஒன்றே போதும்:

```r
library(survival)
d$event <- factor(d$status, levels = 0:2,
                  labels = c("censor", "graftfail", "death"))
survfit(Surv(months, event) ~ dm, data = d)
coxph(Surv(months, status == 1) ~ dm + age, data = d)
coxph(Surv(months, status == 2) ~ dm + age, data = d)
```

`factor` செய்யும்போது சென்சார் முதல் நிலையாக இருக்க வேண்டும். வரிசை மாறினால் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் தவறான விடையைத் தந்துவிடும்.

குறியிடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, கிராஃப்ட் செயலிழந்து டயாலிசிஸில் இருந்து பின்னர் இறந்தவர்கள். அவர்களுக்கு முதலில் நடந்தது செயலிழப்பு, ஆகவே `1`. சிலருக்கு நீங்கள் செயலிழந்த தேதிக்குப் பதில் இறந்த தேதியைப் போட்டு, இறப்பாகக் குறித்திருப்பது போலத் தெரிகிறது.

இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. இறப்புக்குத் தனிக் குறியீடு கொடுத்துவிட்டாலும், யார் இறந்தார் என்பதே தெரியாவிட்டால் எல்லா முறையும் வீண். கிராமத்து வீட்டில் இறந்தவரைப் பற்றி மருத்துவமனைக்கு யாரும் சொல்வதில்லை. நம் தாளில் அவர் "தொடர்பு விட்டுப்போனவர்" ஆகிவிடுகிறார். கிராஃப்டைக் காக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை மாதாமாதம் வாங்கிப்போகிறவர் திடீரென்று வராமல் நின்றால், ஒன்று வேறு மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும், அல்லது மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், அல்லது இறந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்து அவருடைய குறியீடே மாறுகிறது. மருந்தகப் பதிவேட்டில் கடைசியாக மருந்து வாங்கிய தேதியை எடுங்கள். டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டரிடம் வீட்டு எண்கள் இருக்கும், ஒவ்வொரு குடும்பத்தையும் ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள். இறந்தவர் வீடாக இருந்தால் எப்போது, எப்படி என்பதோடு, கடைசி நாட்களில் டயாலிசிஸ் நடந்ததா என்பதையும் மெதுவாகக் கேட்க வேண்டும். அந்த ஒரு பதிலில்தான் `1`-ஆ `2`-ஆ என்பது தீரும்.

திருத்திய தாளை அனுப்புங்கள். வளைவுகளைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். வியாழக்கிழமை மதியம் நான் துறையில்தான் இருப்பேன், வழிகாட்டிப் பேராசிரியரும் வர முடிந்தால் நல்லது.

அன்புடன்,
உயிர்ப்புள்ளியியல் துறையிலிருந்து